பவர் பட்டனை அழுத்தினால் நாலு செகண்டில் அணைகிறது: முன்பக்க ஒயர்களைச் சொருகுவது பற்றி

"அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம். உவரியில் மாமா வீட்டு மாடியில் ரெண்டு வருசமா சும்மா கிடந்த கேபினெட்டை எடுத்துட்டு வந்து, புது மதர்போர்டு மாட்டியிருக்கேன். முன்னாடி இருக்கிற பட்டன் ஒயர், லைட் ஒயர் எல்லாம் புத்தகத்தைப் பார்த்துதான் சொருகினேன். பவர் பட்டனை அழுத்தினா ஃபேன் சுத்துது, நாலஞ்சு செகண்டில் பட்டுனு நின்னுருது. பவர் லைட் பிளக்கில் மூணு ஓட்டை இருக்கு, போர்டில் அதுக்கு ரெண்டு பின்தான் இருக்கு, அதனால் மாட்டாமல் தொங்குது. போர்டே போச்சா, இல்ல ஒயர் மாத்திக் குத்திட்டேனா?"

தம்பி, நாலு செகண்ட் என்று எண்ணிச் சொன்னீர்களே, பாதிச் சிக்கல் அதிலேயே அவிழ்ந்துவிட்டது. போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் பவர் பட்டன் உள்ளே போனது போனபடி வெளியே வராமல் நிற்கிறது என்பதுதான் என் சந்தேகம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அந்தப் பட்டன் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் பவர் பட்டன் நம் வீட்டு லைட் ஸ்விட்ச் போன்றது இல்லை. அதன் வழியாக 230 வோல்ட் போவதில்லை. அது காலிங் பெல் பட்டன் மாதிரி, அழுத்தும்போது மட்டும் இரண்டு ஒயரையும் தொடவைக்கும், கையை எடுத்தால் பிரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தக் கொஞ்சம் கரண்டில் போர்டு அரைத்தூக்கத்தில் விழித்திருக்கிறது. பவர் ஸ்விட்ச்சுக்கான பின்னில் சுமார் 3.3 வோல்ட்டை வைத்துக்கொண்டு, யாராவது அதை கிரவுண்டோடு தொடவைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தினால் அந்தப் பின் கிரவுண்டுக்கு இறங்கும். உடனே போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பச்சை ஒயரை கிரவுண்டுக்கு இழுக்கும். அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் முழுதாக எழும்பி ஃபேன் சுற்றுகிறது.

இனி அந்த நாலு செகண்ட். கம்ப்யூட்டர் ஸ்தம்பித்து நிற்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அணையும் அல்லவா? அது எல்லா போர்டிலும் உள்ள ஏற்பாடு. ஓடும் நிலையில் பவர் பின் தொடர்ந்து நாலு செகண்டுக்கு மேல் கிரவுண்டில் இருந்தால், விண்டோஸையோ வேறு எதையோ கேட்காமல் போர்டு கரண்டை நிறுத்திவிடும். நீங்கள் விரலை எடுத்துவிட்டீர்கள், ஆனால் உள்ளே பட்டன் எடுக்கவில்லை. போர்டுக்கு விரல் எது, ஒட்டிக்கொண்ட பட்டன் எது என்று தெரியாது. யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்றே அது நினைக்கும், சொன்னபடி நாலு செகண்டில் அணைத்துவிடும்.

இது என் ஊகம்தான். சரியா என்று தெரிந்துகொள்ள முன்பக்க ஒயர்களை மொத்தமாகக் கழற்றிவிட்டு, பட்டனே இல்லாமல் கம்ப்யூட்டரை எழுப்பிப் பாருங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் என் மேஜையில் முதலில் செய்வது இதுதான்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருதரம் அழுத்தி, போர்டில் ஏதாவது சின்ன லைட் எரிந்தால் அது அணையும்வரை பொறுங்கள். அப்புறம் முன்பக்கத்திலிருந்து வரும் சின்ன பிளக்குகள் அத்தனையையும், அதாவது பவர், ரீசெட், ஹார்டு டிஸ்க் லைட், பவர் லைட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவைப்பது நல்லது. இப்போது போர்டின் அந்த மூலையில் வெறும் பின்கள் மட்டும் நிற்கும்.

அந்தப் பின் கூட்டம் பெரும்பாலும் போர்டின் கீழ் வலது மூலையில் இருக்கும். ஒரு கம்பெனி அதன் பக்கத்தில் எஃப் பேனல் என்று அச்சடித்திருக்கும், இன்னொன்று பேனல் 1 என்று, இன்னொன்று ஜேஎஃப்பி 1 என்று. பெயர் என்னவானாலும் இன்றைய போர்டுகளில் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, அதில் ஒரு மூலைப் பின் மட்டும் இருக்காது. இன்டெல் வகுத்துக் கொடுத்த வரிசை இது, மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். இல்லாத பின்னின் இடம் வலது மேல் மூலையில் வரும்படி மேலிருந்து பார்த்தால் எண்கள் இப்படி இருக்கும்:

```
2   4   6   8   -
1   3   5   7   9
```

கீழ் வரிசையில் 1, 3 இரண்டும் ஹார்டு டிஸ்க் லைட்டுக்கு. 1 பிளஸ், 3 மைனஸ். அதே வரிசையில் 5, 7 ரீசெட்டுக்கு, அதில் 5 கிரவுண்ட். மேல் வரிசையில் 2, 4 பவர் லைட்டுக்கு. 2 பிளஸ், 4 மைனஸ். அடுத்து 6, 8 பவர் ஸ்விட்ச்சுக்கு, அதில் 8 கிரவுண்ட். 9-ஆம் பின்னை நீங்கள் மறந்துவிடலாம், அதில் எதுவும் சொருக வேண்டியதில்லை. ஆனால் சில போர்டுகளில் அதில் 5 வோல்ட் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சில போர்டுகளில் ஸ்பீக்கர் பின்களும் இதோடு சேர்ந்து இருபது பின் கூட்டமாக வரும், அங்கே இந்த எண்கள் பொருந்தாமல் போகலாம். உங்களுடையது புதுசு, புத்தகமும் கையில் இருக்கிறது என்கிறீர்கள், எனவே புத்தகப் படத்தோடு ஒருதரம் ஒப்பிட்டுக்கொண்டால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள். போர்டின் கீழ் ஓரத்தில் சீரியல் போர்ட்டுக்கான பின் கூட்டம் இருந்தால், அதுவும் இதே ஐந்து ஐந்து வரிசைதான், அதிலும் இதே மூலைப் பின்தான் இருக்காது. உரித்து வைத்த இரட்டை. யூஎஸ்பி பின் கூட்டத்திலும் ஒரு மூலைப் பின் இருக்காது, அதில் இரண்டு பின்களில் நேரடி 5 வோல்ட் இருக்கும். அதனால் உருவத்தைப் பார்த்து நம்பாமல், பக்கத்தில் அச்சடித்த பெயரைப் படித்துப் பாருங்கள். எழுத்து பொடிசாக இருந்தால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் அதுதான் கண்ணாடி.

இப்போது பிளக்கைச் சுவரில் போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச்சையும் போடுங்கள். சின்ன தட்டை ஸ்குரூடிரைவர் நுனியால் 6, 8 இரண்டு பின்னையும் சேர்த்து அரை செகண்ட் தொட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். பட்டன் செய்கிற வேலையும் இவ்வளவுதான். இங்கே ஷாக் அடிக்கிற வோல்ட்டேஜ் எதுவும் இல்லை. ஆனால் நுனி வழுக்கி 7-ஐயும் 9-ஐயும் சேர்த்துத் தொட்டுவிட்டால், 5 வோல்ட் நேராக ரீசெட் கோட்டுக்குள் போகும். அது நல்லதில்லை. அதனால் நல்ல வெளிச்சத்தில், கையை ஊன்றிக்கொண்டு செய்யுங்கள்.

கேபினெட் தகட்டைத் தொடும்போது 'சுர்' என்று ஓர் உணர்வு வந்தால், அதற்கும் இந்தப் பின்களுக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டு பிளக்கில் எர்த் வரவில்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ளே வரும் கரண்டை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசிவு தகட்டுக்கு வரும். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும், இல்லையென்றால் நம் விரலுக்கு வரும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருந்தாலும் மூன்றாவது ஓட்டைக்கு ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைச் சரிபார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடருங்கள்.

ஸ்குரூடிரைவரால் தொட்டதும் மூன்றில் ஒன்று நடக்கும்.

கம்ப்யூட்டர் எழும்பி, நாலு செகண்ட் தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தால், போர்டு நன்றாக இருக்கிறது. குற்றவாளி முன்பக்கத்துப் பட்டன்தான். நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் இதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படி எழுப்பியும் அதே நாலஞ்சு செகண்டில் அணைந்தால், முன்பக்க ஒயரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிராசஸருக்குப் பக்கத்தில் தனியாகச் சொருகும் நாலு பின் அல்லது எட்டு பின் பவர் பிளக் ஏறியிருக்கிறதா, கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, போர்டின் அடியில் திருகு ஏதாவது மாட்டி ஷார்ட் ஆகிறதா என்று அந்தப் பக்கம் போக வேண்டும். டிடிஆர்5 ராம் போட்ட போர்டு முதல்தடவை ராமைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், இடையில் ஒருதரம் தானாக அணைந்து எழும்புவதும் உண்டு. அது கோளாறு இல்லை. உங்களுடையது அந்த ராம் என்றால் சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

தொட்டும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 8-லும் சிவப்பு முனையை 6-லும் வையுங்கள். 3.3 வோல்ட் அளவில் காட்டினால் போர்டு விழித்திருக்கிறது, பட்டன் சொல்வதைக் கேட்கும் நிலையில்தான் உள்ளது, கோளாறு அதற்கு அப்பால். பூஜ்யம் என்றால் முதலில் எஸ்எம்பிஎஸ் பக்கம், பின்பக்க ஸ்விட்ச், இருபத்து நாலு பின் பிளக் இவற்றைப் பாருங்கள். சரியான பின்தானா என்பதையும் இன்னொருதரம் எண்ணிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தப்பான பின்னை அளந்து, போர்டு போச்சு என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் பட்டனுக்கு வருவோம். கேபினெட்டின் முன்பக்க பிளாஸ்டிக் முகப்பு கொக்கிகளில்தான் நிற்கும். அடியில் ஒரு கைபிடி மாதிரி இடைவெளி இருக்கும், அங்கே பிடித்து வெளியே இழுத்தால் கழன்று வரும். பட்டன், லைட் ஒயர் எல்லாம் முகப்போடு சேர்ந்தே வரலாம், அதனால் வேகமாக இழுக்காதீர்கள். நாம் விரலால் அழுத்துவது வெறும் பிளாஸ்டிக் மூடிதான் என்பது அப்போது தெரியும். உண்மையான ஸ்விட்ச் அதற்குப் பின்னால், அரை அங்குலம்கூட இல்லாத பொடிசாக இருக்கும்.

மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, பவர் ஸ்விட்ச் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் முனைகளை வையுங்கள். அழுத்தாமலே பீப் அடித்தால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எது என்று பிரிக்க, பிளாஸ்டிக் மூடியை ஒதுக்கிவிட்டு ஸ்விட்சை மட்டும் நேராக நகத்தால் அழுத்தி விடுங்கள். இப்போது அழுத்தும்போது பீப், விட்டால் அமைதி என்றால் ஸ்விட்ச் நல்லது, மூடிதான் முகப்பில் உரசி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்த்தால் சரியாகிவிடும். மூடியைத் தள்ளிவைத்தும் பீப் நிற்கவில்லை என்றால் ஸ்விட்ச்சே கெட்டுவிட்டது.

உவரி என்று சொன்னதால் இரண்டாவதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடற்கரை ஊரிலிருந்து வருகிற கேபினெட்டுகளில் திருகுத் தலை துருவேறியிருப்பதைப் பார்த்தாலே உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். உப்புக்காற்றில் ஸ்விட்ச்சின் உள்ளே இருக்கும் பொடித் தகடு பச்சைப்பூத்து, நெகிழ்வு போய், அழுத்தினால் திரும்பி எழாது. சில ஸ்விட்ச் இதற்கு நேர்மாறாகப் போகும். துரு நடுவில் நின்று, நாலுதரம் அழுத்தினால்தான் ஒருதரம் தொடும். காரணம் ஒன்றுதான்.

கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருந்தால் ஸ்விட்ச்சுக்குள் ஒரு சொட்டு இறங்கும்படி அடித்து, இருபது முப்பது தடவை அழுத்தி அழுத்தி விட்டு, நன்றாகக் காயவிட்டு மறுபடி பீப் பாருங்கள். சிலது உயிர் பெறும், கடற்கரைக் கேபினெட்டில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அண்ணே, கதவுக் கீல் மாதிரி ரெண்டு சொட்டு விட்டேன் என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்த பட்டனில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாகி, மூடியைப் பிரிக்கவே அரைமணி நேரம் ஆனது. புது ஸ்விட்ச் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்தான். பழையதைக் கொண்டுபோய்க் காட்டி அதே அளவில் வாங்கி, சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

அதுவரை பொறுக்க முடியாது என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ரீசெட் பட்டனும் உள்ளுக்குள் இதே ஜாதி ஸ்விட்ச்தான். பவர் பிளக்கைக் கழற்றிவிட்டு ரீசெட் பிளக்கை 6, 8-ல் சொருகினால், அன்றிலிருந்து ரீசெட் பட்டன்தான் பவர் பட்டன். சொருகும் முன் அதையும் ஒருதரம் பீப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அதே மாடியில் கிடந்ததுதானே. ஸ்விட்ச் பிளக்குகளுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் ஓடும்.

ரீசெட் பட்டன் ஒட்டிக்கொண்டால் அறிகுறி வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பவர் பட்டனைவிட அதிகமாக ஆளை அலையவிடுவது அதுதான். ரீசெட் பின் கிரவுண்டில் இருக்கும் வரை போர்டு பிராசஸரை ஓடவிடாது. கரண்ட் வரும், ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது, பீப் சத்தமும் வராது. தானாக அணையவும் அணையாது, அப்படியே மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பணகுடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர். ஆடி மாசம் அந்தப் பக்கம் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும், காற்றாலை எல்லாம் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள். வாசலைப் பார்த்து வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லை. ராமை மாற்றியாயிற்று, எஸ்எம்பிஎஸ் மாற்றியாயிற்று, ஒரு கடையில் போர்டு மாற்றணும் என்று விலையும் சொல்லிவிட்டார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது நான் முன்பக்க ஒயர் மொத்தத்தையும் கழற்றி, ஸ்குரூடிரைவரால் தொட்டேன், டிஸ்ப்ளே வந்துவிட்டது. ரீசெட் மூடியைச் சுற்றிப் பொடிமணல் இறுகி அதை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன், அவ்வளவுதான். அவர் மாற்றிய ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் வீண். அன்றிலிருந்து டிஸ்ப்ளே வராத எந்த வண்டி வந்தாலும் ராமைத் தொடும் முன் ரீசெட் பிளக்கைத்தான் பிடுங்குகிறேன்.

இனி உங்கள் மூன்று ஓட்டைப் பவர் லைட் பிளக். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஒரு காலத்தில் போர்டுகளில் பவர் லைட்டுக்கு மூன்று பின் இடம் இருந்தது, நடுப்பின்னில் எதுவும் இல்லாமல் முதலுக்கும் மூன்றாவதுக்கும்தான் ஒயர். கேபினெட் செய்கிறவர்கள் அதே பிளக்கை ரொம்ப நாள் போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் பிளக்கைப் பாருங்கள், நடு ஓட்டையில் ஒயர் இருக்காது. போர்டில் 2, 4 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அது பொருந்தாது. அந்த ஒயர்களில் ஒன்றை நடு ஓட்டைக்கு நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது.

பிளக்கின் ஒரு முகத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே சின்ன சன்னல் மாதிரி இருக்கும், அதில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். ஒயரின் முனையில் உள்ள பித்தளைக் கூட்டின் பல், அந்த நாக்கில்தான் மாட்டியிருக்கிறது. ஊசியோ ஊக்கின் முனையோ கொண்டு நாக்கை மிக மெதுவாக, மயிரிழை அளவு மட்டும் தூக்கிக்கொண்டு, பின்னாலிருந்து ஒயரை இழுத்தால் வழுக்கி வெளியே வந்துவிடும். நாக்கை அதிகமாகத் தூக்கினால் ஒடிந்துவிடும், பழைய பிளாஸ்டிக் வேறு. வெளியே எடுத்த கூட்டை, பல் சன்னல் பக்கம் இருக்கும்படி நடு ஓட்டையில் தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. இப்போது இரண்டு ஒயரும் பக்கத்தில், மூன்றாவது ஓட்டை சும்மா.

ஆனால் அந்தச் சும்மா ஓட்டையும் ஓர் இடத்தைப் பிடிக்கும் அல்லவா? அது 6-ஆம் பின் மேல் போய் உட்கார்ந்தால் பவர் ஸ்விட்ச் பிளக்குக்கு இடம் இருக்காது. சும்மா ஓட்டை 2-க்கு வெளியே, வரிசைக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும்படி சொருகுங்கள். அப்படி வைத்தால் பிளஸ் மைனஸ் மாறுகிறது என்றால், சும்மா இருக்கும் மூன்றாவது ஓட்டையைக் கூரான கத்தியால் அறுத்து எடுத்துவிடலாம், அங்கே ஒயரே இல்லையே. ஊசி வேலை கைவரவில்லை என்றால் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் பெண்-ஆண் ஜம்பர் ஒயர் இரண்டு வாங்குங்கள். ஆண் முனையைப் பழைய பிளக்கின் ஓட்டையிலும், பெண் முனையைப் போர்டின் பின்னிலும் மாட்டினால் எதையும் வெட்டாமல் முடியும்.

லைட்டில் மட்டும் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும், எல்இடி ஒரு பக்கம்தான் கரண்டை விடும். பொதுவாக வெள்ளை அல்லது கறுப்பு ஒயர் மைனஸ், கலர் ஒயர் பிளஸ். பிளக்கில் சின்ன முக்கோணக் குறி இருந்தால் அந்தப் பக்கம் பிளஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மலிவு கேபினெட்டுகளில் இரண்டுமே ஏமாற்றும். திருப்பிச் சொருகினால் எரியாது, அவ்வளவுதான், ஒன்றும் கெட்டுப்போகாது. கரண்டை அடக்கும் ரெசிஸ்டர் போர்டிலேயே இருக்கிறது. எரியவில்லையென்றால் அணைத்துவிட்டுத் திருப்பிச் சொருகுங்கள். திருப்பியும் எரியவில்லை என்றால் உவரிக் காற்று எல்இடியின் காலையும் தின்றுவிட்டதா என்று பார்க்க, 2032 என்று போட்ட பழைய 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்றை எடுத்து, பிளக்கில் ஜம்பர் வைத்துத் தொட்டுப் பாருங்கள். மங்கலாகவாவது எரிந்தால் எல்இடி நல்லது. அந்தப் பேட்டரியால் பெரிய கரண்ட் தர முடியாது என்பதால் எல்இடிக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு வேடிக்கையான தப்பைச் சொல்ல வேண்டும், நல்ல விவரமானவர்களே செய்வார்கள். பிளக்குகளை வரிசையோடு நீளவாக்கில் சொருகாமல், மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் குறுக்காகச் சொருகிவிடுவது. 5-லும் 6-லும் சேர்த்துப் பவர் ஸ்விட்சைச் சொருகினால் அது வேலை செய்யும், ஏனென்றால் 5 கிரவுண்ட், 6 பவர். 7-லும் 8-லும் சொருகிய ரீசெட்டும் வேலை செய்யும், 7 ரீசெட், 8 கிரவுண்ட். பட்டன் இரண்டும் ஓடுகிறதே என்று திருப்தியாகிவிடுவோம். ஆனால் 1-லும் 2-லும் சொருகிய லைட்டுக்கு இரண்டு பக்கமும் பிளஸ், 3-லும் 4-லும் சொருகிய லைட்டுக்கு இரண்டு பக்கமும் மைனஸ், எப்படித் திருப்பினாலும் எரியாது. பட்டன் எல்லாம் நன்றாக இருந்து, லைட் இரண்டும் எரியவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி பிளக் நீளவாக்கில் இருக்கிறதா, குறுக்காக இருக்கிறதா என்பதுதான்.

ஹார்டு டிஸ்க் லைட் விஷயத்தில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். போர்டின் மேலேயே படுக்கவைத்துத் திருகும் என்விஎம்இ டிஸ்க் மட்டும் போட்டிருந்தால், சில போர்டுகளில் அந்த லைட் மினுக்குவதே இல்லை. சாட்டா ஒயர் போட்ட டிஸ்க் இருந்தும் எரியவில்லை என்றால் மட்டும் திருப்பிச் சொருகிப் பாருங்கள்.

மறுபடி சொருகும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொருகாதீர்கள். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் பவர் ஸ்விட்ச் மட்டும் சொருகி, எழுப்பி, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அணையாமல் ஓடினால் அடுத்தது ரீசெட், மறுபடி எழுப்பி டிஸ்ப்ளே வருகிறதா பாருங்கள். கடைசியாக லைட்டுகள். எந்தப் பிளக் ஏறியதும் கோளாறு திரும்பி வருகிறதோ, அதுதான் ஆள். ரீசெட் ஒயரைப் பவருக்கு மாற்றினீர்கள் என்றால், பழைய பவர் பிளக்கை டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள், பித்தளை முனை போர்டில் எங்கும் இடிக்கக் கூடாது. பட்டன் மேலே மார்க்கரில் ஒரு குறி போட்டு, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவைத்துவிடுங்கள். இல்லையென்றால் அம்மா பெரிய பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, பெட்டி செத்துப்போச்சு என்று உங்களுக்குப் போன் போடுவார்கள்.